நேரில் பார்க்காத கடை

எங்கள் வீட்டில் எனக்குக் கொக்கி என்று பெயர். நகராட்சி அலுவலகத்தில் தொழில் உரிமப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வருகிற கோப்பில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதற்குக் கொக்கி போடுவது என்று சொல்வார்கள். நான் வீட்டிலும் போடுவேன். காய்கறிக்காரர் தராசிலிருந்து கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் தேதி வரைக்கும் என் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தங்கை துணி ஆலையில் பத்தொன்பது வருடம் தையல் இயந்திரத்தின் முன்னால் குனிந்திருந்தவள். ஆலையை மூடி, கணக்கு முடித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவள் கைக்கு இனி வரப்போவது வேறு எதுவும் இல்லை. அவள் கணவர் தங்கமானவர், அதுதான் தொல்லை. யார் வந்து கண்ணைக் கசக்கினாலும் எடுத்து நீட்டிவிடுவார். இந்தத் தடவை கண்ணைக் கசக்கப் போவது அவருடைய அண்ணன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். பணமாக இருந்தால் கேட்பார்கள், பெண்டாட்டி கழுத்தில் கிடப்பதைக் கேட்க வாய் வராது என்பது தங்கையின் கணக்கு. ஆகவே சனிக்கிழமை காலையில் முப்பது பவுன் வாங்கக் கிளம்பினோம்.

கடையை அவளே தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். செய்கூலி குறைவு, ஆள் மரியாதையானவர், அவளோடு வேலை பார்த்தவர்கள் நாலு பேர் ஏற்கெனவே அங்கே வாங்கியிருக்கிறார்கள் என்று பேருந்தில் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். நீ வந்து ஒரு பார்வை பார்த்தால் போதும் என்றாள். ஏன் அவ்வளவு நம்பிக்கை என்று நானும் கேட்கவில்லை.

கடை பிரதான சாலையில், அறுபத்திரண்டாம் எண். நல்ல வெளிச்சம், கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்ச்சி. உரிமையாளர் ஐம்பது வயதுக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தங்கையைப் பெயர் சொல்லி வரவேற்று ஏழு உருப்படிகளை வெல்வெட் தட்டில் எடுத்து வைத்தார். இரண்டு சங்கிலி, நாலு வளையல், ஓர் ஆரம். தங்கை ஆரத்தைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். பத்தொன்பது வருடம் குனிந்த கழுத்து. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் பூதக்கண்ணாடி கேட்டேன். பதிவு பெற்ற கடையில் கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தார். ஹால்மார்க் நகையில் மூன்று அடையாளம் இருக்க வேண்டும்: தர முத்திரை, இருபத்திரண்டு காரட்டுக்கு உரிய 916, பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி. அந்தக் குறி ஒவ்வொரு நகைக்கும் வேறு. கைப்பேசிச் செயலியில் அதைப் போட்டால் நகை எந்த வகை, என்ன தூய்மை, எந்த மையம் எப்போது சோதித்தது, எந்தக் கடை சோதனைக்குக் கொடுத்தது என்று வந்துவிடும்.

முதல் சங்கிலிக்கு வேறு ஏதோ கடையின் பெயர் வந்தது. நான் உடனே நிமிர்ந்தேன்.

"மேடம், அது மொத்த வியாபாரி பேரு. அவரு சோதனைக்குக் கொடுத்துட்டு எங்களுக்கு விக்கிறாரு. இது வழக்கம்தான்," என்றார் உரிமையாளர்.

அவர் சொன்னது சரி. மூக்கு உடைபட்டது எனக்குத்தான். அந்தக் கோபத்தோடு மீதியையும் பார்த்தேன். சங்கிலி இரண்டும் சரி, வளையல் நாலும் சரி. ஆரத்தில் 916 இருந்தது, ஆறு இலக்கக் குறி இல்லை. கேட்டதற்கு, அவசரம் என்று சொன்னதால் காட்ட எடுத்து வைத்தேன், திங்கட்கிழமை மையத்துக்கு அனுப்பிக் குறி போட்டுத் தந்துவிடுகிறேன், பணத்தை மட்டும் இன்றைய விலைக்குக் கட்டிவிடலாம் என்றார். தட்டில் இருந்ததிலேயே கனமானது அந்த ஆரம்தான்.

இதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஹால்மார்க் பதிவுச் சான்றின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஹால்மார்க் பதிவு கொடுக்கும் தர அமைப்பின் இணையதளத்தில் பதிவு பெற்ற கடைகளின் பட்டியலைத் திறந்தேன். கடை இருந்தது. பெயர் சரி, எண் சரி. விலாசம் மட்டும் வேறு: பின்பக்கச் சந்து, கதவு எண் ஒன்பது. சுவரில் இருந்த சான்றிலும் அதேதான் சின்ன எழுத்தில் இருந்தது. பதிவு ஆளுக்குக் கொடுப்பதில்லை, விற்கிற இடத்துக்குக் கொடுப்பது. ஒரே முதலாளிக்கு நாலு கடை இருந்தால் நாலு பதிவு வேண்டும்.

"நீங்க விக்கிறது அறுபத்திரண்டுல. பதிவு ஒன்பதுல இருக்கு. அப்போ இந்தக் கடைக்குப் பதிவு எங்கே?" என்றேன். கொக்கி போடும்போது என் குரல் கொஞ்சம் இனிமையாகிவிடும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அன்றைக்குத் தேனாகவே ஒழுகியிருக்கும்.

அவர் மறைக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சந்துக் கடையைக் காலி செய்துவிட்டு இங்கே வந்ததையும், விலாசம் மாற்ற இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனதையும் சொன்னார். பொருள் சுத்தம், பில்லைப் பழைய விலாசத்திலேயே போட்டுத் தருகிறேன், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். நாளைக்கு ஆரத்தில் தூய்மை குறைந்தால், இல்லாத கடையில் வாங்கிய பில்லை வைத்துக்கொண்டு நாங்கள் யாரிடம் போய் இழப்பீடு கேட்பது என்று நான் கேட்டேன்.

"அக்கா, விடேன். உரிமம்தான் இருக்கே," என்றாள் தங்கை. குரலில் அவ்வளவு நிம்மதி. எழுந்து போய் அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த தொழில் உரிமத்தைக் கையால் தொட்டுக் காட்டினாள். "இதைப் பார்த்துட்டுத்தான் நான் இந்தக் கடைக்கே வந்தேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எங்க தையல் லைன்ல அந்த நாலு பேரையும் நானேதான் கூட்டிட்டு வந்து காட்டினேன். எங்கக்கா பார்த்துப் போட்டது, கண்ணை மூடிட்டு வாங்குங்கன்னு."

கிட்டே போய்ப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தின் உரிமம், கடந்த மார்ச்சில் புதுப்பித்தது. கதவு எண் ஒன்பது. கீழே 'தலத்தணிக்கை செய்யப்பட்டது' என்ற ரப்பர் முத்திரை, இடத்தை நேரில் போய்ப் பார்த்தாயிற்று என்று அர்த்தம். அதற்குக் கீழே என் சுருக்கொப்பம்.

மார்ச் மாதத்தில் எங்கள் பிரிவு எப்படி வேலை செய்யும் என்பதை வெளியில் சொன்னால் வெட்கம். நானூறு புதுப்பித்தல் வரும். பழைய உரிமத்தின் நகல், பணம் கட்டின ரசீது, 'இடமாற்றம் இல்லை' என்ற கட்டத்தில் கடைக்காரர் போட்ட ஒரு டிக். மூன்றும் இருந்தால் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். புதுக் கடை என்றால் போய்ப் பார்ப்போம். பழைய கடை எங்கே ஓடிவிடப் போகிறது?

உரிமையாளர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரிமத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"டிக் போட்டது என் தப்புதான் மேடம்," என்றார் மெதுவாக. "ஆனா மார்ச்சுல நேர்ல வந்து பார்த்ததா நீங்க போட்டிருக்கீங்க. அப்பவே அங்கே செருப்புக் கடை."

வேலிக்குப் போட்ட முள் காலில் குத்தியது என்பார்களே, அதுதான். தங்கையைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் ஆரத்தை இன்னும் கழுத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தட்டில் வைத்தாள். நாங்கள் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம்.

நடைபாதையில் நின்று அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீ போய்ப் பார்க்கவே இல்லையா?"

"இல்லைடி."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த நாலு பேருக்கும் நடைபாதையிலேயே நின்று ஃபோன் செய்து, நகையில் ஆறு இலக்கக் குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். மூன்று பேர் இருக்கிறது என்றார்கள். ஒருத்தியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் நகையை நானே சோதனை மையத்துக்கு எடுத்துப் போய்க் கட்டணம் கட்டிப் பார்த்துத் தருகிறேன் என்றேன். திங்கட்கிழமை அந்த ஒன்பதாம் எண் கோப்பை எடுத்து, நேரில் பார்க்காமல் முத்திரை போட்டேன் என்று என் கையாலேயே எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், வரட்டும். தங்கை உம் கொட்டினாள். அவள் கவலை அதுவல்ல. ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது, பணம் இன்னும் வங்கியிலேயே இருந்தது.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு நகைக்கடை இருந்தது. செய்கூலி அதிகம், இருக்கும் பணத்துக்கு இரண்டு பவுன் குறையும். தங்கை நேராக உள்ளே நுழைந்தாள். எடுத்த நகை எல்லாவற்றிலும் குறி இருந்தது. இந்தத் தடவை செயலியில் அவளே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள், தையல்காரியின் விரல், வேகமாக ஓடியது. பதிவுப் பட்டியலிலும் கடை இருந்தது. விலாசம், பதினேழாம் எண்.

பிறகு அவள் நிமிர்ந்து சுவரைத் தேடினாள். உரிமம் கல்லாவுக்கு மேலே இருந்தது. அதே முத்திரை, அதே சுருக்கொப்பம்.

"இதுவும் நீ போட்டதுதான்," என்றாள். "இதை நம்பலாமா?"

இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"தெரியாதுடி. இதையும் பார்க்காமத்தான் போட்டேன். இரு, வரேன்."

வெளியே போனேன். வெயிலில் நின்று பெயர்ப்பலகையைப் படித்தேன். கதவு எண் தகடு தூண் மறைவில் இருந்தது, பதினேழு. பக்கத்துக் கடை பதினைந்து, அந்தப் பக்கம் பத்தொன்பது. உள்ளே வந்து, சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

தங்கை தலையாட்டினாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, கதவைத் தள்ளித் திறந்து, தானே ஒரு தடவை பார்த்துவிட்டு வரப் போனாள்.