அக்கா காணாமற்போன மொழிபெயர்ப்பு

"ஏம்மா கலைமதி, என் கதையில அக்காவ எங்கம்மா கொன்ன?"

மரக்காணத்தில் உப்பளங்களைப் பார்த்த தன் வீட்டு வாசலில் நின்று அம்சவள்ளி டீச்சர் கேட்டார். கணக்கு டீச்சர், கதையும் எழுதுவார். அவருடைய கதையைக் கலைமதி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தாள். டீச்சர் சம்மதித்து, அது அன்று மாலைக்குள் பதிப்பகத்துக்கு மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தால்தான் ஒரு சிறுகதைத் தொகுப்பில் இடம். அச்சில் வரப்போகும் அவளது முதல் மொழிபெயர்ப்பு அது.

"கொல்லலியே டீச்சர்!"

"ஸ்கூலுக்கு ஒரு வங்காளத்து அம்மா வந்திருந்தாங்க. தமிழே தெரியாது. உன் இங்கிலீஷைப் படிக்கக் குடுத்தேன். 'பாதிக்கு மேல அக்காவக் காணோம், உப்புத் தண்ணியில விழுந்துட்டாளா?'ங்கறாங்க."

கதையில் இரண்டே பெண்கள். உப்பு வாரும் பொன்னம்மாள், மூத்தவளான வேலம்மாளை "அக்கா" என்று அழைப்பாள். கலைமதி தாள்களைப் புரட்டினாள். முதல் பாதியில் அக்கா, 'மூத்தவளை அழைக்கும் சொல்' என்ற அடிக்குறிப்போடு அக்காவாகவே இருந்தாள். கூழும் கூழாகவே, அடிக்குறிப்போடு இருந்தது. இரண்டாம் பாதியில் அதே அக்காவைப் பொன்னம்மாள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கூழ் கஞ்சியாகியிருந்தது.

கலைமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"லைப்ரரியில ஒரு தடவைக்கு ஒரு புக்குதான் தருவாங்க டீச்சர். மொழிபெயர்ப்பு பத்தி எடுத்த முதல் புக்கு, மூலத்தோட வாசனை போகக்கூடாது, வாசகன் அதுகிட்ட கொஞ்சம் நடந்து வரட்டும்னு சொல்லுச்சு. பாதிக் கதையில அதைத் திருப்பிக் குடுத்துட்டு எடுத்த புக்கு, இங்கிலீஷ்லயே எழுதுன மாதிரி ஓடணும்னுச்சு."

"ரெண்டு மாமியாருக்கு ஒரு மருமக!" டீச்சர் சிரித்தார். "எது சரி?"

"ரெண்டும் சரிதான். ஒரு கதைக்கு ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா கடைசி வரைக்கும் அதுலயே போகணும். நான் பாதி வழியில பஸ் மாறிட்டேன்."

அவள் அக்காவை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தாள். ஆனால் அக்கா என்பது வேலம்மாள்தான் என்று வெளியூர் வாசகருக்கு எப்படித் தெரியும்? "'பொன்னம்மாள் வேலம்மாளை அக்கா என்பாள்'னு ஒரு வரி சேர்க்கட்டுமா?"

"நான் எழுதாததை நீ எழுதுவியா? அப்படின்னா வேணாம், அனுப்பாத."

கலைமதி மூலத்தை எடுத்து முதலிலிருந்து படித்தாள். இரண்டாம் பக்கத்தில் மேஸ்திரி, "வேலம்மா!" என்று கத்துகிறார். அவள் திரும்பவில்லை. "அக்கா, உன்னதான் கூப்பிடறாரு," என்கிறாள் பொன்னம்மாள்.

இந்த இடம் ஆங்கிலத்தில் இல்லை. அக்கா என்றால் என்னவென்று அடிக்குறிப்பே விளக்கிவிட்டதே என்று கலைமதிதான் வெட்டியிருந்தாள்!

"நீங்களே சொல்லி வெச்சிருக்கீங்க டீச்சர்."

"பின்ன? சும்மாவா எழுதுனேன்?"

வெட்டியதைத் திரும்பச் சேர்த்தாள், அக்காவுக்கான அடிக்குறிப்பை நீக்கினாள். சட்டியைத் தூக்கிக் குடிப்பதாகக் கதையிலேயே இருந்ததால் கூழுக்கும் குறிப்பு தேவைப்படவில்லை. இரண்டாம் பாதியில் பொன்னம்மாள் பேர் சொன்ன இடங்களை எல்லாம் அக்கா என்று திருத்தி, கஞ்சியையும் மறுபடி கூழாக்கினாள். டீச்சர் முழுவதையும் வாய்விட்டுப் படித்தார்.

"சரி, ஓடு. பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டர்ல கரண்ட் இருக்கும்போதே அனுப்பிடு. அடுத்த கதை முழுக்கக் குழாயடிச் சண்டை. அந்த வசவையெல்லாம் எப்படி மாத்துவ?"

"அதுக்குப் புக்கு தேடணும் டீச்சர்."

"தேடு. ஆனா முதல்ல என் கதைய முழுசாப் படி!"