நாற்பது நாள் என்று சொன்ன விதை

“நான் சொன்னது தப்புன்னு உங்க தீர்மான நோட்டுல எழுதுங்க” என்றாள் பூவிழி.

எதையும் வாயோடு முடி, எழுத்தில் மட்டும் கொடுத்துவிடாதே என்று ஏரியா மேனேஜர் அறிவழகன் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். விதைக் கம்பெனியில் அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

சிறுவாச்சூர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கூட்டம் அது. தலைவர் கொளஞ்சியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “எதும்மா தப்பு?”

“போன செவ்வாக்கெழம படம் போட்டுக் காட்டினேன்ல. எங்க மக்காச்சோள வெதையப் போட்டா நாப்பது நாளைக்குப் படைப்புழு அண்டாது, மருந்தே அடிக்க வேணாம்னு. அது தப்புங்க. வெதையில கலந்த மருந்து, மொளைச்சு பதினஞ்சு நாளு, மிஞ்சிப்போனா இருபது நாளுதான் தாங்கும். சோதனை வயல் அறிக்கைய முந்தாநேத்துதான் முழுசாப் படிச்சேன். படிக்காமப் பேசினது என் தப்பு. மன்னிச்சுக்குங்க.”

அறிக்கையின் நகலை மேசைமேல் வைத்தாள்.

இயக்குநர்களில் ஒருவரான சம்பூர்ணம் நாலு ஏக்கர் மானாவாரிக்காரி. “நல்லவேள, இங்க இன்னும் மழ எறங்கல. புழு குருத்துக்குள்ள பூந்தப்புறம் யாரக் கூப்புடறது? கோயில் காளியவா வந்து பொறுக்கச் சொல்றது?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். பூவிழி சிரிக்கவில்லை.

“அந்த நாப்பது யாரு போட்ட கணக்கு? நீயா?” என்று சம்பூர்ணமே கேட்டாள்.

“படம் கம்பெனி குடுத்ததுங்க. பேசினது நானு.”

அறிக்கையைப் படித்துவிட்டுக் கேட்டபோது, நாற்பது என்று போட்டால்தான் ஆர்டர் விழும் என்று அறிவழகன் போனில் சொன்னது நினைவுக்கு வந்து, அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொளஞ்சியப்பன் நோட்டைப் புரட்டினார். “கையெழுத்தான பக்கத்துல அடிக்கக் கூடாது. இன்னைக்குப் புதுத் தீர்மானமா எழுதி, இந்த வெதைய வாங்கறதுன்னு போட்ட பழச ரத்து பண்றோம்.” எழுதி முடித்து நிமிர்ந்தார். “மொத மருந்த நாங்களே அடிக்கணும்னா, கூட வெல குடுத்து இத எதுக்கு வாங்கணும்? ஆர்டர் இல்லம்மா.”

“சரிங்க.”

“வேற எங்க காட்டின இத?” என்றாள் சம்பூர்ணம்.

“கீழப்பழுவூர்ல. நேத்து மூட்டையே எறங்கிடுச்சு.”

“அங்க நல்ல மழையாமே. வெதைக்க ஆரம்பிச்சிருப்பாங்க.”

அதற்குள் அறிவழகன் அழைத்துவிட்டார். “பேசிட்டியா? ஆர்டர் நிக்குதா?”

“போச்சு சார். நோட்டுல எழுதச் சொல்லிட்டேன்.”

“கீழப்பழுவூர் பக்கம் மட்டும் போயிராத. போனன்னா திங்கக்கிழம ஆபீஸ் படி ஏறாத.”

“கேட்டுச்சு சார்.” போனைப் பைக்குள் போட்டாள்.

“டீ வருது, குடிச்சிட்டுப் போ” என்றார் கொளஞ்சியப்பன்.

“இல்லீங்க. கீழப்பழுவூருக்குப் பெரம்பலூர் போயி அரியலூர் பஸ்ஸப் புடிக்கணும். அவங்க வெதைச்சு முடிக்கறதுக்குள்ள போவணும்.”

மீதமிருந்த நகல்களை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.