காரணம் கேட்காத முப்பது நொடி

“காரணமில்லாம ஆர்டரை மறுத்தாத்தான் அபராதம்” என்றார் கம்பெனி மேனேஜர், நாலாவது முறையாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டெலிவரி ஓட்டுகிற எங்கள் எல்லோருக்குமாகப் பேச வந்த அக்கா தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

சற்று நேரத்தில் அது அலறியது. புது ஆர்டர். இன்னும் இரண்டு ட்ரிப் ஓட்டினால் அந்த வார ஊக்கத்தொகை அவளுக்கு. அவள் தொடவில்லை. முப்பது நொடியில் எடுக்காததை மறுத்ததாகக் கணக்கிட்டு ஆப் அபராதம் போட்டது, ஊக்கத்தொகையும் ரத்து.

போனை அவர் பக்கம் தள்ளினாள். “நீங்க கூப்பிட்ட மீட்டிங்லதான் சார் உக்காந்திருக்கேன். ஆப் காரணம் கேட்டுச்சா?”

காரணம் கேட்காமல் இனி அபராதமில்லை என்று மேனேஜர் எழுதிக் கையெழுத்திட்டார்.

படியிறங்கும்போது கேட்டேன். “போனை ஆஃப் பண்ண மறந்துட்டியாக்கா?”

“மறப்பேனா?” என்று ஹெல்மெட்டை மாட்டினாள்.