ஒரே வாரிசு

“எல்லாம் சரியாத்தானே இருக்கு? சட்டக் கருத்துல கையெழுத்துப் போடுங்க மேடம்,” என்று அவசரப்படுத்தினார் வங்கி மேலாளர். வங்கியின் வக்கீல், வீட்டுக்கடனுக்கு வந்த பத்திரக்கட்டை மேசைமேல் ஓங்கிப் போட்டாள்.

“என்னத்த சரி? பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்துல அப்பா, மகன், மைனர் மகள்னு இருக்கு. அப்பா போனதும், ‘நான்தான் ஒரே வாரிசு’ன்னு எழுதிக் கிரயம் பண்ணியிருக்கான் மகன். மகள் எங்க போனா?”

“வில்லங்கச் சான்று சுத்தமா இருக்கே!”

“அதுல பதிவான பத்திரம்தான் வரும். ஏமாத்தப்பட்ட மகள் எப்படி வருவா?”

“இத்தனை வருஷம் கழிச்சு அந்தப் பொண்ண எங்க போய்த் தேடுறது?”

வக்கீல் பேனாவை மூடி வைத்தாள்.

“தேட வேண்டாம். எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன். வித்தது எங்கண்ணன். இந்தப் பத்திரக்கட்டை வேற வக்கீலுக்கு அனுப்புங்க. நான் கோர்ட்டுக்குப் போறேன்.”