கேஷ் மட்டும்

குத்தாலத்தைத் தாண்டி வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் சுடர்விழியின் நாற்றங்கால் இருக்கிறது. மெஷின் நடவுக்கான பாய் நாற்று. பிளாஸ்டிக் தாளில் மண்ணைப் பரப்பி நெருக்கமாக விதைத்து வளர்த்தால், வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நாற்று பாய் மாதிரியே சுருட்ட வரும். பதினைந்து நாளைத் தாண்டிக் கொஞ்சம் முற்றினாலும் நடவு மெஷின் அதைச் சரியாகப் பிடிக்காது. ஆகவே தயாரான நாற்று தயாரான வாரத்திலேயே போய்விட வேண்டும்.

போக வைப்பது இன்ஸ்டாகிராம். சுடர்விழி ஒரு பாயைச் சுருட்டித் தூக்கி, அடியில் வேர் வெள்ளையாக இருப்பதைக் காட்டி வீடியோ போடுவாள். அதைப் பார்த்துத் திருவையாறு வரைக்கும் ஆட்கள் 'நாத்தக்கா' என்று கூப்பிட்டு மெசேஜ் அனுப்புவார்கள். யாருக்கு எத்தனை பாய், எந்த ஊர் என்பதெல்லாம் அந்த மெசேஜ்களில்தான் இருக்கிறது. வேறெங்கும் எழுதி வைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அது ஒரு குறைதான், அவளே ஒத்துக்கொள்வாள்.

இன்னொரு குறை அவளுடையது அல்ல. இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவன் அவள் கணவன் அறிவுச்செல்வன். அப்போது சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். பாஸ்வேர்டைத் தானே போட்டான், கையிலிருந்த சிங்கப்பூர் நம்பரையே கொடுத்தான். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் எல்லாம் இப்படித்தான், எதற்கும் அந்த நம்பர். பிறகு பெர்மிட் முடிந்து அவன் ஊரோடு வந்துவிட்டான். சிம்மும் செத்துப்போனது. "நம்பர மாத்திக் குடுங்க" என்று அவள் கேட்டபோதெல்லாம், "மாத்தணும்னா பாஸ்வேர்டு கேக்குது சுடர். அது எனக்கு மறந்தே போச்சு. நீ லாக் அவுட் ஆகாம பாத்துக்க, போதும்" என்றான். அவளும் பார்த்துக்கொண்டாள். ஒருமுறை வெளியேறிவிட்டால் திரும்பி வர வழியில்லை. உள்ளே நுழையக் கேட்கும் ஓடிபி கோடு அந்தச் செத்த நம்பருக்குத்தான் போகும்.

இந்தக் குறுவைக்கு நாற்று நன்றாக வந்திருந்தது. அன்று காலை வீடியோ எடுக்கப் போனபோது போன் மறுத்துவிட்டது. இடம் இல்லையாம். பழைய போட்டோக்கள், குலதெய்வம் கோயில் வீடியோக்கள், யார் யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள் எல்லாவற்றையும் அழித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகும் எடுத்த வீடியோ பாதியில் நின்றது.

"இன்ஸ்டாதாங்க நெறைய அடைச்சுக்கிட்டு இருக்கு" என்றாள்.

அறிவுச்செல்வன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். கையை நீட்டினான். "குடு. தூக்கிட்டுத் திரும்பப் போட்டுடலாம்."

"தூக்கினா லாக் அவுட் ஆயிடாதா?"

"ஆமால்ல" என்றான். "சரி, தூக்க வேண்டாம். செட்டிங்ஸ்ல போயி கிளியர் பண்ணிடறேன்."

போன் விஷயத்தில் அவனை நம்பாமல் இருக்க முடியாது. சிங்கப்பூரில் தங்கியிருந்த விடுதியில் அத்தனை பேருடைய போனையும் அவன்தான் பார்த்துக் கொடுப்பானாம். ஊரிலும் அப்படித்தான். போன வாரம்கூட உரக்கடை இராஜாங்கம் போனைக் கொண்டுவந்தபோது, வாசலில் நிற்க வைத்துப் பாடம் நடத்தினான். "கேஷ்ங்கறது நீங்க பாத்த படம், வீடியோவையெல்லாம் ஆப்பு எடுத்து வச்சிருக்கறதுண்ணே. அத அழிச்சா ஒண்ணும் போவாது, வேணும்னா அதுவே திரும்ப எறக்கிக்கும். டேட்டாவுல மட்டும் கைய வச்சிடாதீங்க. ஆப்பு புதுசு மாதிரி ஆயிடும், மொதல்லேர்ந்து லாகின் கேக்கும்." சுடர்விழி உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. என் புருஷன் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டாகிராம், ஸ்டோரேஜ். கேஷ் மட்டுமே இரண்டு ஜிபிக்குப் பக்கம். கீழே இரண்டு பட்டன்கள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. கிளியர் டேட்டா, கிளியர் கேஷ்.

அவன் விரல் இரண்டுக்கும் மேலே கொஞ்சம் நின்றது. பிறகு டேட்டாவை அழுத்தியது.

போன் ஒரு பெட்டியைக் காட்டியது. இந்த ஆப்பின் டேட்டா எல்லாம் நிரந்தரமாக அழிக்கப்படும், சரியா என்று கேட்டது. அவன் விரல் 'டெலீட்' பக்கம் போனது.

"கேன்சல் போடுங்க" என்றாள்.

அவள் கத்தவில்லை. ஆனால் அவன் கை சட்டென்று நின்றது.

"தெரியாம பட்டுடுச்சு."

சுடர்விழி போனை வாங்கிக்கொண்டாள். தானே கேன்சலைத் தொட்டாள். பிறகு கிளியர் கேஷ். அதற்கு எந்தக் கேள்வியும் வரவில்லை, கேஷ் என்ற இடத்தில் இருந்த எண் பூஜ்யமாகியது, அவ்வளவுதான். டேட்டா அப்படியே இருந்தது. ஆப்பைத் திறந்தாள். படங்கள் ஒவ்வொன்றாக மெதுவாக இறங்கின. கணக்கு அவளுடையதாகவே இருந்தது. மெசேஜில் ஆடுதுறைக்காரர், 'நாத்தக்கா, நாளைக்கு வண்டி அனுப்பவா?' என்று கேட்டிருந்தார்.

அவளுக்கு மூச்சு வந்தது. வந்த பிறகுதான் அது உறைத்தது. பட்டனைத் தவறாகத் தொட்டால் விரல் பதறிப் பின்வாங்கும். இவன் விரல் அடுத்த பட்டனுக்குப் போனது. இராஜாங்கத்துக்கு நன்றாகத் தெரியும்படி சொல்லிக் கொடுத்தவனுக்குத் தன் பெண்டாட்டி போனில் மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

"எங்க போனாலும் நாத்தக்கா வீட்டுக்காரரான்னுதான் கேக்கறானுவ" என்றான் அவன், வாய்க்காலைப் பார்த்தபடி. யாரும் அவனைக் கேட்கவில்லை. "எனக்குப் பேரே இல்ல இந்த ஊர்ல."

அவன் மேல் பரிதாபம் வந்தது. வந்ததை அவளால் மறுக்க முடியாது. ஆனால் பரிதாபத்தை வைத்துக்கொண்டு நாற்றை விற்க முடியாது. அவள் ஆப்பில் பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தைத் தேடி எடுத்தாள். முதல் கட்டத்தில் இப்போதிருக்கும் பாஸ்வேர்டு கேட்டது. போனை அவனிடம் நீட்டினாள்.

"போடுங்க."

"மறந்து போச்சுன்னு சொன்னேன்ல."

அவள் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே நின்றாள். வயலின் தலைமாட்டிலிருந்து நடவு மெஷின் ஓட்டுபவர் ஏதோ கேட்டுக் குரல் கொடுத்தார். அவள் திரும்பவில்லை.

அறிவுச்செல்வன் போனை வாங்கினான். யோசிக்கவில்லை, ஒரு எழுத்தைக்கூட அழித்துப் போடவில்லை. எழுத்து, எண், நடுவில் ஒரு குறி என்று கடகடவென்று அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

புதிய பாஸ்வேர்டை அவள் திரும்பி நின்று போட்டாள். போன் ஏற்றுக்கொண்டது. பிறகு தன் நம்பரைச் சேர்த்தாள், கோடு அவள் போனுக்கே வந்தது. ஒரு பாயைச் சுருட்டித் தூக்கி வேரைக் காட்டி வீடியோ எடுத்தாள். இந்த முறை முழுதாக ஓடியது.

"கோவமா சுடர்?" என்றான்.

"கோவமில்லைங்க" என்றாள். "வேற எதெல்லாம் மறந்துட்டேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கீங்கன்னு யோசிச்சுப் பாக்கறேன்."