நடு ரோட்டில் ஒரு பாராட்டு விழா

தோட்டம் போட்டதற்காகப் பாராட்டப் போகிறார்கள் என்றதும் இராஜம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பாராட்டு தனியாக வராது. டெண்டு, நாற்காலி, மைக் செட் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

மலேசியாவின் கிள்ளானில் அவர்கள் குடியிருந்த தாமானின் மூலையில் கிடந்த அந்தக் காலி நிலத்தில் முன்பெல்லாம் பழைய மெத்தைகள்தான் விளைந்தன. இராஜம்மாவும் தெருப் பெண்களும் மாநகர் மன்றத்தில் அனுமதி வாங்கிக் குப்பையை அள்ளினார்கள். தோண்டினால் செங்கல்தான் வந்தது. அதனால் தரைக்கு மேலே பலகை அடித்து, லோரியில் மண் இறக்கி, மக்கிய ஆட்டெருவும் சமையற்கட்டுக் கழிவில் செய்த உரமும் கலந்து பாத்தி போட்டார்கள். மழைநீர்த் தொட்டிக்குக் கொசுவலை கட்டினார்கள். முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள், பறித்ததை வீட்டுக்கு வீடு கூறு போட்டார்கள். சட்டம் ஒன்றுதான்: பாத்தியில் கால் வைக்கக் கூடாது. மிதித்தால் மண் இறுகும், வேர் ஓடாது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுகுமாறன், டெண்டுக்காரர் பழனியப்பனோடு வந்தார். சுகுமாறன் நல்ல மனிதர். யோசனை மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும்.

"அக்கா, கவுன்சிலர் தோட்டத்துக்குள்ளயே பாராட்டணும்னு சொல்றாரு. நடுவுல டெண்ட் போட்டா போட்டோ அழகா வரும் லா."

"நடுவுல பயத்தங்கா பூ விட்டிருக்கு தம்பி."

"ஒரு நாள்தானே? கொடியப் பிரிச்சிட்டு அப்புறம் கட்டிக்கலாம்."

அது என்ன துணி காயப்போடும் கயிறா? ஒரு வருஷப் பாடு ஒரு காலையில் நாசமாகப் போகிறதே என்று இராஜம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. பழனியப்பன் அதற்குள் டெண்டின் இரும்புக் காலைத் தூக்கிக்கொண்டு கத்தரிப் பாத்தி ஓரம் நின்றிருந்தார்.

"அண்ணே, நம்ம தெருவுல யாராச்சும் செத்தா டெண்ட் எங்க போடுவீங்க?"

"ரோட்டுலதான்."

"அங்கயே போடுங்க. பெர்மிட் தம்பி எடுத்துருவாரு."

தம்பி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலர் ரோட்டில் நின்று மகளிர் குழுவை நெடுநேரம் புகழ்ந்தார். பிறகு வரப்பு வழியே உள்ளே போய், படத்துக்காக ஒரு பாத்தியின் மேல் வைக்கச் சப்பாத்துக் காலைத் தூக்கினார்.

"சார், கால்," என்றார் குழுவின் வள்ளியம்மா. கவுன்சிலர் காலை எடுத்துக்கொண்டார்.

புகழ்ந்தபோது வராத சந்தோஷம் இராஜம்மாவுக்கு அப்போதுதான் வந்தது.

கூட்டம் கலையும்போது பின் தெரு ஜெயராஜ் வெள்ளைச் சட்டையில் வந்தார். நாற்காலிகளைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி இராஜம்மாவிடம் கேட்டார்.

"யாரும்மா போனது?"

"யாரும் போகல அங்கிள். போயிரக் கூடாதுன்னுதான் டெண்ட இங்க போட்டோம்."

அவர் வேலிக்கு அப்பால் பூத்து நின்ற பயற்றங்காய்ப் பந்தலைப் பார்த்தார். துக்கம் விசாரிக்கக் கொண்டுவந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல், இராஜம்மா நீட்டிய கத்தரிக்காயை வாங்கிக்கொண்டார்.