இறங்கிக்கொண்டே இருந்த சீட்

பேருந்து ஓட்டுகிறவளுக்கு இடது முட்டி போனால் கிளட்சும் போனது. டிரைவரம்மாவை டிப்போவில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். முட்டி தேறவில்லை என்று, பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் இந்த முறையும் எழுதிக் கொடுத்தால், மேசைதான் நிரந்தரம். கனத்த உடம்பு, தேய்ந்த மூட்டு, ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கு ஃபைல் பிடிக்கவில்லை.

பிசியோ பெண் முதலில் நீச்சல் குளத்துக்கு அனுப்பினாள். நீந்தத் தெரியாது என்றதற்கு, மார்பளவு தண்ணீரில் நடந்தாலே போதும், உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும் என்றாள். சொன்னது சரிதான். டிரைவரம்மா தண்ணீருக்குள் கைவீசி நடந்தாள், மூச்சு வாங்கியது, முட்டி வாயே திறக்கவில்லை. அதற்குள் அடித்தரை டைல்ஸ் பெயர்ந்துவிட்டது என்று குளத்தைப் பூட்டிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று கேட்டால் காவலாளி வானத்தைப் பார்க்கிறார். சரி, சைக்கிள் மிதியுங்கள், அதிலும் உங்கள் பாரத்தைச் சீட்தான் சுமக்கும் என்றாள் பிசியோ பெண். பழைய உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வீட்டுக்கு வந்தது.

வந்ததிலிருந்து சனியன் பிடித்தது. சீட்டை ஏற்றித் திருகை இறுக்கிவிட்டு மிதிப்பாள், சுகமாக இருக்கும். மறுநாள் உட்கார்ந்தால் சீட் இறங்கியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறுக்குவாள். அடுத்த நாள் மறுபடி இறக்கம். தன் எடை தாங்காமல்தான் அது அமுங்குகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியது யாரிடமும் சொல்லக்கூடியதா? ஏற்றுவதையே விட்டுவிட்டாள். இறங்கின சீட்டில் கால் மடங்கி மடங்கி மிதித்ததில் முட்டிச் சில்லுக்குப் பின்னால் சுருக் சுருக்கென்று குத்தியது.

அன்று பிசியோ அறைக்குக் கணவரும் கூட வந்திருந்தார். தையல்காரர். ஊரார் கால் உயரமெல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்கும். சைக்கிள் தனக்கு ஒத்துவரவில்லை என்று டிரைவரம்மா சொன்னாள். சீட் எவ்வளவு உயரம் வைத்திருக்கிறீர்கள் என்று பிசியோ பெண் கேட்டாள். பதில் கணவரிடமிருந்து வந்தது, அதுவும் பெருமையாக.

"ரெண்டு பாதமும் தரையில பதியிற மாதிரி வெச்சிருக்கேன். இவ ஏத்திட்டு ஏத்திட்டுப் போவா. நான் ஸ்பேனரைப் போட்டு இறக்கிடுவேன். ஒரு நாள் இவ ஏறும்போது ஆடினதைப் பாத்து எனக்கு உயிரே போயிடுச்சு."

பிசியோ பெண் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். சீட் தாழ்ந்தால் முட்டி அதிகம் மடங்கும், அழுத்தம் முழுக்க அங்கேதான் போகும், நோவுக்குக் காரணம் சைக்கிள் இல்லை என்று பொறுமையாகச் சொன்னாள். அங்கிருந்த சைக்கிளில் டிரைவரம்மாவை ஏற்றி, குதிகாலை மிதியில் வைக்கச் சொன்னாள். மிதி அடியில் இருக்கும்போது கால் நீண்டு நேராகும்வரை சீட்டை உயர்த்தினாள். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாகத்தான் மடங்கும். மிதிக்கிற இறுக்கத்தைக் குறைவாக வைத்தாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம் போதும், பேச்சு திணறினால் குறைத்துக்கொள்ளலாம் என்றாள்.

டிரைவரம்மா மிதித்தாள். குத்தல் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"என் வெயிட்டுல சீட் அமுங்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள் கணவரிடம், சுவரைப் பார்த்தபடி. "இரும்பே தாங்கல, முட்டி எப்படித் தாங்கும்னு நெனச்சேன். உங்க பக்கத்துல கட்டில்ல உக்காரக்கூட பயந்தேன். டிப்போ மேசையே கதின்னு ஒத்துக்கத்தான் இன்னிக்கு வந்தேன், தெரியுமா?"

கணவரின் முகம் தொங்கிப்போனது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எதை? நான் உக்காந்தா சீட் இறங்குதுன்னா? நீங்க இறக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

பிசியோ பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். சரியான உயரத்தில் சைக்கிளே இன்னும் மிதிக்கவில்லை, இப்போது முடிவு சொல்ல முடியாது, அவகாசம் வேண்டும் என்று டிப்போவுக்கு எழுதுவதாகச் சொன்னாள். பிறகு, முதல் நாளைக்கு இது போதும், இறங்கலாம் என்றாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றாள் டிரைவரம்மா, மிதிப்பதை நிறுத்தாமல். "பேசிக்கிட்டே மிதிக்கலாம்னு நீதானே சொன்ன. எனக்கு இவர்கிட்ட இன்னும் பேச வேண்டியிருக்கு."